உறுப்பு ஒன்றைச் சேர்த்தால் அது ஈட்ட வேண்டியது என்ன? உள்ளடங்கிய மாதிரிகளை எஃப் சோதனையால் ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் தேயிலை உர ஆய்வுகளின் கணக்கைப் போட்டுத் தருவது சில ஆண்டுகளாக என் வேலையாக இருக்கிறது. கல்லூரி மாணவர்கள், எஸ்டேட் அலுவலர்கள், சொந்தத் தோட்டத்தில் சோதனை செய்து பார்க்கும் சிறு விவசாயிகள் ஆகிய எல்லோரும் ரெக்ரஷன் எனப்படும் தொடர்புப்போக்குக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய ஒரே ஐயங்களையே கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டுதான் வரும். அதன் எண்கள் கையால் சரிபார்க்க எளிதாக இருக்கட்டும் என்று நானே அமைத்தவை. எந்த ஊரின் உண்மையான விளைச்சலையும் அவை குறிக்கவில்லை.

"ஒரு மாதிரி இன்னொன்றுக்குள் அடங்கியிருக்கிறது என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

பெரிய மாதிரியில் உள்ள சில கெழுக்களைச் சுழி என்று வைத்தால் சிறிய மாதிரி அப்படியே கிடைக்க வேண்டும். விளைச்சலைத் தழைச்சத்தின் அளவு, அதன் வர்க்கம் ஆகிய இரண்டாலும் விளக்கும் மாதிரியில் வர்க்கத்தின் கெழுவைச் சுழியாக்கினால் நேர்கோடு மிஞ்சுகிறது. ஆகவே நேர்கோடு வளைவுக்குள் அடங்கியது.

சுழிதான் வேண்டும் என்பதில்லை. இரண்டு கெழுக்கள் சமம் என்று கட்டுப்படுத்தினாலும் உள்ளடங்கிய மாதிரிதான் கிடைக்கும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் தனித்தனி நிலைமட்டம் கொடுத்த மாதிரியில் அவ்விரண்டும் ஒன்றே என்று வைப்பது இவ்வகையைச் சேர்ந்தது. சிறிய மாதிரியால் வரையக்கூடிய எந்தக் கோட்டையும் பெரிய மாதிரியாலும் வரைய முடிய வேண்டும்; முடியாவிட்டால் இந்தப் பக்கத்தில் சொல்லும் சோதனை அங்கே பொருந்தாது.

"எதைச் சேர்த்தாலும் ஆர்-ஸ்கொயர் ஏறத்தானே செய்கிறது, அதுவே போதாதா?"

ஏறுவதால்தான் போதாது. பெரிய மாதிரிக்குச் சிறியதைவிடக் கூடுதல் சுதந்திரம் இருப்பதால் அதன் எச்ச வர்க்கக் கூடுதல், அதாவது மாதிரி சொல்வதற்கும் நாம் அளந்ததற்கும் உள்ள வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டி வரும் தொகை, ஒருபோதும் அதிகமாகாது. துண்டின் வரிசை எண்ணையோ கங்காணியின் சட்டை அளவையோ சேர்த்தால்கூட அது சற்றுக் குறையும்.

கேட்க வேண்டியது, பயனற்ற உறுப்பு ஒன்று தற்செயலாக எவ்வளவு குறைத்திருக்கும் என்பது. அதற்கு விடை உண்டு. உண்மையில் எந்த விளைவும் இல்லாத உறுப்பு ஒவ்வொன்றும், சராசரியாக, ஒரு அளவீட்டின் பிழை மாறுபாட்டுக்குச் சமமான தொகையை எச்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அதுதான் அதன் சும்மாக் கூலி. புதிதாகச் சேர்க்கும் உறுப்பு இந்தக் கூலியைப் போல் எத்தனை மடங்கு ஈட்டியது என்பதையே எஃப் அளக்கிறது. பயனற்ற உறுப்புக்கு அது ஒன்றை ஒட்டியே அமையும். ஆனாலும் ஒன்றுக்கு மேல் போன எல்லாமே பயனுள்ளவை என்று சொல்ல முடியாது, ஏனெனில் தற்செயலே சில வேளைகளில் மூன்று, நான்கு என்று காட்டும். எந்த அளவைத் தாண்டினால் நம்பலாம் என்பதைத்தான் எஃப் அட்டவணை சொல்கிறது. (எஃப் என்ற எழுத்து ஃபிஷரின் பெயரிலிருந்து வந்தது. அவரைப் பெருமைப்படுத்த அதைச் சூட்டியவர் ஸ்னெடகர்.)

"சூத்திரம் புரிகிறது, ஆனால் ஒரு தடவை கையால் போட்டுக் காட்டுங்கள்."

மூன்று ஊர்களில், ஊருக்கு நான்காக, ஒரு சென்ட் அளவுள்ள பன்னிரண்டு தேயிலைத் துண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஊரிலும் எந்தத் துண்டுக்கு எந்த அளவு என்று சீட்டுக் குலுக்கி, எக்டேருக்கு 100, 150, 200, 250 கிலோ தழைச்சத்து இட்டார்கள். ஓராண்டில் பறித்த பச்சைத் தேயிலை, கிலோவில்:

| ஊர் | 100 | 150 | 200 | 250 |
|---|---|---|---|---|
| கோத்தகிரி | 37 | 42 | 47 | 46 |
| குன்னூர் | 34 | 41 | 42 | 44 |
| மஞ்சூர் | 31 | 36 | 40 | 38 |

முதலில் ஊரைக் கவனிக்காமல், தழைச்சத்தின் நேர்கோட்டை மட்டும் பொருத்தினால் எச்ச வர்க்கக் கூடுதல் 126.6. பன்னிரண்டு அளவீடுகளிலிருந்து இரண்டு கெழுக்களை மதிப்பிட்டிருப்பதால் கட்டின்மைக் கூறுகள் 10. வர்க்க உறுப்பைச் சேர்த்தால் எச்சம் 99.6 ஆகவும் கட்டின்மைக் கூறுகள் 9 ஆகவும் குறைகின்றன. சூத்திரம் இது; இதில் RSS என்பது எச்ச வர்க்கக் கூடுதல், df என்பது கட்டின்மைக் கூறுகள், 1 சிறிய மாதிரியையும் 2 பெரிய மாதிரியையும் குறிக்கும்:

```
F = ((RSS1 - RSS2) / (df1 - df2)) / (RSS2 / df2)
F = ((126.6 - 99.6) / 1) / (99.6 / 9) = 27 / 11.07 = 2.44
```

வர்க்க உறுப்பு 27 அலகு எச்சத்தைக் குறைத்திருக்கிறது. ஒரு கட்டின்மைக் கூறுக்கு மிஞ்சியிருக்கும் எச்சம் 11.07. ஆகவே அந்த உறுப்பு சும்மாக் கூலியைப் போல் 2.44 மடங்கு ஈட்டியது. 1, 9 என்ற கட்டின்மைக் கூறுகளுக்கு ஐந்து விழுக்காட்டு மிகைகாண் நிலையில் அட்டவணை கேட்பது 5.12. எட்டவில்லை, பி-மதிப்பு ஏறக்குறைய 0.15.

"அப்படியென்றால் வளைவு இல்லை, நேர்கோடுதான் என்று அறிக்கையில் எழுதிவிடலாமா?"

எழுதக் கூடாது. சோதனை சொன்னது, இந்தப் பன்னிரண்டு எண்களில், இந்த அளவு இரைச்சலுக்கு நடுவே, வளைவைத் தனித்துக் காண முடியவில்லை என்பது மட்டுமே. இன்மைக் கருதுகோளை மறுக்க முடியாமல் போவது அதை மெய்ப்பித்ததாகாது. இந்தப் பிழையை அச்சான ஆய்வறிக்கைகளிலும் பார்க்கிறேன்.

அதைவிட முக்கியமாக, எச்சங்களைத் துண்டு துண்டாகப் பாருங்கள். நேர்கோடு 100 கிலோவுக்கு 35.4, 150-க்கு 38.4, 200-க்கு 41.3, 250-க்கு 44.2 என்று கணிக்கிறது. கோத்தகிரியின் நான்கு துண்டுகளும் கோட்டுக்கு மேலே, 1.6 முதல் 5.7 கிலோ வரை தள்ளி நிற்கின்றன. மஞ்சூரின் நான்கும் கீழே, 1.3 முதல் 6.2 கிலோ வரை இறங்கி நிற்கின்றன. எச்சம் என்று நாம் வகுத்த 11.07-இல் பெரும்பகுதி உண்மையான பிழையே அல்ல. அது ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு. தென்மேற்குப் பருவமழை மஞ்சூர் இருக்கும் குந்தா பக்கத்தை நனைக்கும் அளவுக்குக் கோத்தகிரியை நனைப்பதில்லை, வடகிழக்குப் பருவமழையில் நிலைமை மாறுகிறது. மண்ணும் செடியின் வயதும் வேறு. இவற்றையெல்லாம் பிழைக் கணக்கில் எழுதிவிட்டு, வளைவு போதுமான அளவு ஈட்டவில்லை என்று குறை சொன்னோம்.

"ஊரைச் சேர்த்தால் வளைவின் கணக்கு மாறிவிடுமா? வளைவு குறைத்தது அதே 27 தானே?"

அதே 27 தான். ஒவ்வோர் ஊரிலும் நான்கு அளவுகளும் ஒருமுறை வருவதால் ஊரும் தழைச்சத்தும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன, எனவே எஃப் பின்னத்தின் மேலே, தொகுதியில் உள்ள எண் மாறவே இல்லை. மாறுவது கீழே உள்ள பகுதி.

ஊரும் நேர்கோடும் உள்ள மாதிரியின் எச்சம் 34.43, கட்டின்மைக் கூறுகள் 8. (மூன்று ஊர்களுக்கு இரண்டு உறுப்புகள் செலவாகின்றன, ஒன்று அடிப்படை ஊராக நிற்கும்.) இதனோடு வர்க்கத்தைச் சேர்த்தால் எச்சம் 7.43, கட்டின்மைக் கூறுகள் 7. ஆகவே எஃப் மதிப்பு 27 / (7.43 / 7), அதாவது 27 / 1.062, அதாவது 25.4. அட்டவணை கேட்பது 5.59. பி-மதிப்பு 0.001-க்கும் 0.002-க்கும் இடையே விழுகிறது.

சென்ற கேள்வியில் எட்டாமல் போன அதே உறுப்பு, ஒரு கிலோகூட மாறாத அதே எண்களில், இப்போது மிகத் தெளிவாகத் தேறுகிறது. எனக்கு வரும் கணக்குகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: சோதிக்கப்படும் உறுப்பு என்ன என்பதைவிட, அதை அளக்கும் கூலியின் பகுதிக்குள் யார் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்பது. தோட்டம், பள்ளத்தாக்கு, கவாத்து செய்த ஆண்டு என்று சோதனையின் அமைப்பிலேயே இருக்கும் பிரிவுகளை, அவை தேறுகின்றனவா இல்லையா என்று பார்க்காமலேயே, இரண்டு மாதிரிகளிலும் முதலிலிருந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இங்கே ஊர் தன் பங்குக்குத் தானும் ஈட்டியிருக்கிறது: (126.6 - 34.43) / 2 = 46.08, அதை 34.43 / 8 = 4.30 ஆல் வகுத்தால் 10.7, தேவை 4.46.

"ஆர் மென்பொருளின் சம்மரியில் ஒவ்வொரு உறுப்புக்கும் டி மதிப்பு வருகிறது. நட்சத்திரம் இல்லாததை எடுத்துவிட்டால் முடிந்ததே, எஃப் எதற்கு?"

ஒரே ஓர் உறுப்பைச் சோதிக்கும்போது இரண்டும் ஒன்றுதான். மேலே வந்த 25.4 என்ற எஃப், அந்த மாதிரியின் சம்மரியில் வர்க்க உறுப்புக்கு வரும் டி மதிப்பான -5.04-இன் வர்க்கமே. பி-மதிப்பும் அதுவே.

உறுப்புகள் கூட்டமாக வரும்போதுதான் வழி பிரிகிறது. ஊரும் நேர்கோடும் உள்ள மாதிரியில் கோத்தகிரியை அடிப்படையாக வைத்தால் குன்னூரின் கெழு -2.75, அதன் டி மதிப்பு -1.87, நட்சத்திரம் கிடைக்காது. மஞ்சூரின் கெழு -6.75, டி மதிப்பு -4.60. நட்சத்திரத்தைப் பார்த்து வேலை செய்பவர் குன்னூரை நீக்கிவிடுவார். நீக்கியதன் பொருள், குன்னூரும் கோத்தகிரியும் ஒன்றே என்று அறிவித்ததுதான் என்பதை அவர் கவனித்திருக்க மாட்டார். குன்னூரையே அடிப்படையாக வைத்திருந்தால் மஞ்சூரின் டி மதிப்பு -2.73 ஆகி, அதன் இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று மறைந்திருக்கும். எதை அடிப்படை ஊராக வைப்பது என்பது பெரும்பாலும் அகர வரிசை முடிவு செய்வது. ஊர் என்ற காரணியின் இரண்டு உறுப்புகளும் சேர்ந்து 10.7 மடங்கு ஈட்டின என்ற எஃப் மட்டும், யாரை அடிப்படையாக வைத்தாலும் மாறாது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து உயரம், குறைந்தபட்ச வெப்பநிலை ஆகிய இரண்டையும் சேர்த்தால், நம் மலையில் உயரம் ஏற ஏறக் குளிர் கூடுவதால் இரண்டும் ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொல்கின்றன. மற்றது மாதிரியில் இருக்கும்போது தன்னால் புதிதாக என்ன சேர்க்க முடியும் என்று மட்டும் டி கேட்பதால் இரண்டுக்குமே நட்சத்திரம் இல்லாமல் போகலாம். இரண்டையும் ஒன்றாக நீக்கிய மாதிரியோடு ஒப்பிடும் எஃப் பெரிதாக வந்தால், இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்று பொருள். எது என்பதை இந்த எண்களால் சொல்ல முடியாது.

"வர்க்கம் தேறிவிட்டது. இப்போது நேர் உறுப்பை நீக்கி வர்க்கத்தை மட்டும் வைக்கலாமா?"

வேண்டாம். நேர் உறுப்பின் கெழு, சுழியை எங்கே வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தழைச்சத்தை 175-லிருந்து அளந்தால் நம் எடுத்துக்காட்டில் அது ஒரு கிலோ தழைச்சத்துக்கு 0.059, சுழியிலிருந்து அளந்தால் 0.269, 224-லிருந்து அளந்தால் சுழி. மூன்றும் ஒரே வளைவுதான், கணிப்புகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அளவுகோலை நகர்த்தினால் மறைந்துவிடும் ஒன்றைச் சோதித்து நீக்குவதில் பொருளில்லை. வர்க்கத்தின் கெழுவான -0.0006 மட்டும் எங்கிருந்து அளந்தாலும் அதேதான், அதன் எஃப் மதிப்பும் அதேதான். ஊரும் தழைச்சத்தும் பெருக்கலாக வரும் உறுப்பை வைத்துக்கொண்டு அதன் தனி உறுப்புகளை நீக்குவதும் இதே பிழை.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஊருக்கு ஊர் உரத்தின் பலன் மாறுமா என்பதையும் சேர்த்துவிடலாமே?"

சேர்த்துப் பார்ப்போம். ஊரும் தழைச்சத்தின் நேர் உறுப்பும் பெருகி வரும் இரண்டு உறுப்புகளைச் சேர்த்தால் எச்சம் 7.43-லிருந்து 6.00 ஆகிறது, கட்டின்மைக் கூறுகள் 5. குறைந்தது 1.43, இரண்டு உறுப்புகளுக்குப் பிரித்தால் தலைக்கு 0.72. புதிய மாதிரியின் கூலி 6.00 / 5 = 1.20. எஃப் 0.60. ஒன்றுக்கும் கீழே.

எஃப் ஒன்றுக்குக் கீழே போகும்போது நடப்பதைப் பாருங்கள்: எச்சம் குறைந்தது, ஆனால் ஒரு கட்டின்மைக் கூறுக்கு உள்ள எச்சம் 1.06-லிருந்து 1.20-க்கு ஏறிவிட்டது. சரிசெய்த ஆர்-ஸ்கொயர் இறங்குவதும் சரியாக இந்த இடத்தில்தான். வந்த உறுப்புகள் தாம் செலவழித்த கட்டின்மைக் கூறுகளின் விலையைக்கூடத் திருப்பித் தரவில்லை. ஐந்தே ஐந்து கட்டின்மைக் கூறுகள் மிஞ்சியிருக்கும்போது அட்டவணை 5.79 கேட்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இவ்வளவு சிறிய சோதனையில் உண்மையான ஊர் வேறுபாடு ஒன்று இருந்தாலும் கண்ணில் படாமல் போகக்கூடும்.

வளைவு போதுமா, இன்னும் நெளிவு வேண்டுமா என்பதற்கும் இதே வழி. தழைச்சத்தை நான்கு தனித்தனி நிலைகளாக வைத்தால், எந்த வடிவத்தையும் முன்கூட்டி விதிக்காத மாதிரி ஒன்று கிடைக்கும். வளைவு அதற்குள் அடங்கியது. எச்சம் 7.17, கட்டின்மைக் கூறுகள் 6, எஃப் வெறும் 0.22. நான்கு அளவுகளின் சராசரிகளையும் இருபடி வளைவு நன்றாகவே தொட்டுவிட்டது.

"மூன்று மாதிரியையும் ஒரே anova-வில் கொடுத்தேன். இரண்டிரண்டாகக் கொடுத்தபோது வந்த எஃப் வரவில்லை. எது சரி?"

இரண்டும் சரி, பகுதி வேறு. ஆர் மென்பொருளில் இப்படிக் கொடுத்தால்:

```
m3 <- lm(kg ~ ur + N, data = d)
m4 <- lm(kg ~ ur + N + I(N^2), data = d)
m5 <- lm(kg ~ ur * N + I(N^2), data = d)
anova(m3, m4)
anova(m3, m4, m5)
```

முதல் கட்டளை வளைவுக்கு 25.4 தரும். இரண்டாவது, எல்லா வரிகளுக்கும் மிகப் பெரிய மாதிரியின் எச்சத்தையே பகுதியாக எடுத்துக்கொள்வதால், 27 / 1.20 = 22.5 தரும். பெரிய மாதிரியில் உள்ள கூடுதல் உறுப்புகள் உண்மையானவையானால் அதன் எச்சமே தூய பிழை. அவை வெறும் சுமையானால் கட்டின்மைக் கூறுகளை வீணாக்கியிருக்கிறோம். இங்கே முடிவு மாறவில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் உறுப்பாக இருந்தால் மாறலாம். ஆகவே எந்தப் பகுதியைப் பயன்படுத்தினீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள். எச்சரிக்கை ஒன்று: `ur` பத்தியில் ஊர்களை 1, 2, 3 என்று எண்ணாக எழுதியிருந்தால், மென்பொருள் அதை அளவாக எடுத்துக்கொண்டு ஒரே உறுப்பைப் பொருத்திவிடும். கட்டின்மைக் கூறு இரண்டு குறையாமல் ஒன்று குறைந்திருந்தால் அதுதான் காரணம்.

"'models were not all fitted to the same size of dataset' என்று வந்து நின்றுவிடுகிறது. என்ன தப்பு?"

புதிதாகச் சேர்த்த பத்தியில் வெற்றிடம் இருக்கிறது. மழைமானி பழுதான மாதங்களால் இரண்டு துண்டுகளுக்கு மழையளவு இல்லை என்று வையுங்கள். மழை இல்லாத மாதிரி பன்னிரண்டு துண்டுகளையும், மழை உள்ள மாதிரி பத்துத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டது. எச்சம் குறைந்தது மழையாலா, இரண்டு துண்டுகள் காணாமல் போனதாலா என்று சொல்ல முடியாததால் மென்பொருள் மறுப்பது நியாயமே. பெரிய மாதிரிக்கு வேண்டிய எல்லாப் பத்திகளும் நிரம்பிய வரிசைகளை மட்டும் முதலில் தனியே எடுத்து, இரண்டு மாதிரிகளையும் அவற்றிலேயே பொருத்துங்கள். கைக்கணக்கிலும் விரிதாளிலும் இந்த எச்சரிக்கை வராது. அங்கே இரண்டு மாதிரிகளின் அளவீட்டு எண்ணிக்கையை நீங்களே சரிபார்க்க வேண்டும்.

"தழைச்சத்தை அப்படியே வைப்பதா, லாக் எடுத்து வைப்பதா? இதற்கும் எஃப் போடலாமா?"

போட முடியாது. நேர்கோட்டால் லாக் வளைவை வரைய முடியாது, லாக் வளைவால் நேர்கோட்டை வரைய முடியாது. முதல் விடையில் சொன்ன அடங்கல் இங்கே இல்லை. இரண்டுக்கும் கெழுக்களின் எண்ணிக்கை சமமானதால் சூத்திரத்தில் சுழியால் வகுக்க வேண்டி வரும் என்பதே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏஐசி போன்ற அளவுகோல்களை இங்கே பயன்படுத்தலாம். விளைச்சலையே ஒன்றில் கிலோவாகவும் மற்றதில் லாக் ஆகவும் வைத்தால், எச்சங்களின் அலகே வேறாகிவிடுவதால், அந்த ஒப்பீடும் நேரடியாகச் செல்லாது.

"ஆண்டு முழுக்க இருபது பறிப்பு நடந்தது. மொத்தமாகக் கூட்டாமல் 240 வரிசையாகக் கொடுத்தால் சோதனை பலமாகுமே?"

பலமானது போலத் தோன்றும், அவ்வளவுதான். ஒரே துண்டின் இருபது பறிப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை; செழித்த செடி எல்லாப் பறிப்பிலும் செழிப்பாகவே இருக்கும். சீட்டுக் குலுக்கி உரம் இட்டது பன்னிரண்டு துண்டுகளுக்கு. ஆகவே உரத்தைப் பற்றிய செய்தியும் பன்னிரண்டு துண்டுகளின் அளவுக்கே உண்டு. 240 வரிசைகளைக் கொடுத்தால் கட்டின்மைக் கூறுகள் இருநூற்றுச் சொச்சமாகி, அட்டவணை கேட்கும் எல்லை 5.59-லிருந்து 3.9-க்கு அருகே இறங்கும். பகுதியும் துண்டுக்குத் துண்டு உள்ள வேறுபாட்டுக்குப் பதிலாகப் பறிப்புக்குப் பறிப்பு உள்ள வேறுபாட்டையே பெரும்பாலும் அளக்கும்.

நான் முதன்முதலில் போட்டுக் கொடுத்த கணக்கில் இதே தவற்றைச் செய்தேன். ஒன்பது உறுப்புகளும் நட்சத்திரத்தோடு வந்தன, மகிழ்ச்சியாக இருந்தது. கட்டின்மைக் கூறுகளின் பத்தியைப் பார்த்த ஒரு பெரியவர், "இத்தனை துண்டு உங்களிடம் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். துண்டுக்கு ஒரு கூட்டுத்தொகை எடுத்துப் போட்டபோது இரண்டே உறுப்புகள் தேறின.

"பதினெட்டு இருபது மாறிகளை முயன்று பார்த்து, தேறிய ஒன்றை மட்டும் எழுதியிருக்கிறேன். அதன் பி-மதிப்பு செல்லும்தானே?"

செல்லாது. ஒன்றுக்கும் உதவாத, ஒன்றையொன்று சாராத இருபது மாறிகளை ஐந்து விழுக்காட்டு நிலையில் ஒவ்வொன்றாகச் சோதித்தால், குறைந்தது ஒன்றாவது தேறுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 64 விழுக்காடு. அட்டவணையின் எல்லை, முன்கூட்டியே பெயர் சொல்லி நிறுத்திய உறுப்புக்கானது. ஓட்டப்பந்தயம் முடிந்தபின் முதலில் வந்தவரைக் காட்டி இவரைத்தான் நினைத்திருந்தேன் என்று சொல்பவருக்கானது அல்ல. இருபதையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து ஒரு எஃப் போடுவது நேர்மையான வழி. அதற்குப் போதுமான துண்டுகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், தேடிக் கண்டுபிடித்தது இது என்று எழுதி, அடுத்த ஆண்டின் எண்களில் அந்த ஓர் உறுப்பை மட்டும் சோதியுங்கள்.

"சரி, வளைவு தேறிவிட்டது. உச்சம் 224 கிலோ என்று விவசாயிகளிடம் சொல்லிவிடலாமா?"

224 என்ற எண் வளைவின் கெழுக்களிலிருந்து வந்தது. எஃப் அதற்குச் சான்று தரவில்லை. வளைவு உண்டு என்பதற்கு மட்டுமே அது சான்று. அந்தச் சான்றுக்கே மதிப்பு உண்டு: நேர்கோடு மட்டும் கையில் இருந்திருந்தால், 250 கிலோவுக்கு 44.2 கிலோ இலை, இன்னும் போட்டால் இன்னும் கிடைக்கும் என்று சொல்லியிருப்போம். வளைவு 250-க்குச் சொல்வது 42.7, 200-க்குச் சொல்வது 42.8.

உச்சத்தைச் சுற்றி வளைவு எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 150-லிருந்து 200-க்குப் போனால் சென்டுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ கூடுகிறது. 200-லிருந்து 224-க்குப் போனால் கூடுவது 0.34 கிலோ. எக்டேருக்கு 247 சென்ட் என்று பெருக்கினால் ஆண்டுக்கு 84 கிலோ பச்சைத் தேயிலை. அதற்குக் கூடுதலாக 24 கிலோ தழைச்சத்து வேண்டும். யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு என்பதால் அது 52 கிலோ யூரியா. அந்த 84 கிலோவைப் பறிக்கும் கூலியைக் கழித்துவிட்டு, ஃபேக்டரி அந்த மாதம் இலைக்குக் கொடுக்கும் விலையை வைத்து விவசாயி கணக்குப் பார்க்கட்டும்.